வரி உள்ள சரக்கும் விலக்குச் சரக்கும் ஒரே பில்லில் வந்தால் உள்ளீட்டு வரி வரவைக் கணக்கிடுவது எப்படி

காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள ஓர் உரக்கடைக்கு மொத்த வியாபாரியிடமிருந்து ஒரு பில் வருகிறது. நெல்விதை 40,000 ரூபாய்க்கு; விதைப்புக்கான தரமுள்ள விதை என்பதால் அதற்கு ஜிஎஸ்டி இல்லை. உரம் 60,000 ரூபாய்க்கு. 5 சதவீத வரி 3,000 ரூபாய். பூச்சிமருந்து 50,000 ரூபாய்க்கு; 18 சதவீத வரி 9,000 ரூபாய். பில்லின் அடியில் வண்டிக்கூலி என்று 2,000 ரூபாயும், அதற்கு 18 சதவீத வரியாக 360 ரூபாயும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆக மொத்தம் 1,64,360 ரூபாய். கடை, மொத்த வியாபாரி இரண்டும் தமிழ்நாட்டிலேயே இருப்பதால் வரி முழுவதும் மத்திய ஜிஎஸ்டி, மாநில ஜிஎஸ்டி எனச் சரிபாதியாக இருக்கிறது. கீழே இரண்டையும் கூட்டியே காட்டுகிறேன். படிவத்தில் நிரப்பும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும்.

இத்தகைய பில்லைக் கையாளும்போது கணக்கு எழுதுபவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். விலக்குச் சரக்குக்கு வரியே போடப்படவில்லை, போடப்பட்ட வரியெல்லாம் வரி உள்ள சரக்குக்குத்தான், ஆகவே 12,360 ரூபாயையும் உள்ளீட்டு வரி வரவாக, அதாவது விற்பனைக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, முழுமையாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது ஒரு வகை. பில்லில் விதை நாலில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக இருக்கிறது, எனவே வரியிலும் அதே பங்கை விட்டுவிட வேண்டும் என்று பயந்து கழிப்பது இன்னொரு வகை. முதல் வழியில் போனால் பின்னாளில் நோட்டீஸ் வரும். இரண்டாவது வழியில் கைக்காசு மாதாமாதம் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும்.

இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான். கொள்முதல் பில்லில் எது கலந்திருக்கிறது என்பதைச் சட்டம் கேட்பதில்லை. வரி கொடுத்து வாங்கிய பொருளோ சேவையோ எந்த விற்பனைக்குப் பயன்படுகிறது என்பதையே மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(2) பிரிவு கேட்கிறது. விதைக் கொள்முதலில் ஜிஎஸ்டி பூஜ்யம். எடுக்கவும் ஒன்றும் இல்லை, திருப்பவும் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த விதையை விற்பதற்காக வாடகை, ஆடிட்டர் கட்டணம், இணையம் என்று கடை செய்த செலவுகளில் வரி இருக்கிறது. அந்த வரியில் விதை விற்பனைக்கு உரிய பங்கைத்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். அதைக் கணக்கிடும் முறையை விதி 42 சொல்கிறது.

முதல் படி: பில்லை வரிவரியாகப் பிரித்தல்

கணக்கில் பதியும்போதே பில்லை ஒரே தொகையாகப் பதியாமல், பில்லில் உள்ள ஒவ்வொரு சரக்கையும் அதன் வரி விகிதத்தோடு தனித்தனியாகப் பதிய வேண்டும். மேலே சொன்ன பில்லில் விதை கொள்முதல் ஒரு கணக்கிலும், 5 சதவீதக் கொள்முதல் ஒரு கணக்கிலும், 18 சதவீதக் கொள்முதல் ஒரு கணக்கிலும், வண்டிக்கூலி தனியாக ஒரு கணக்கிலும் சேர வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டால், எண்ணூற்று முப்பதாவது பில்லில் வண்டிக்கூலி எந்தச் சரக்குக்கு என்பதை நினைவுகூர யாராலும் முடியாது.

பிறகு, விற்பவர்கள் காட்டிய பில்களை வைத்து வாங்குபவருக்கு மாதாமாதம் உருவாகும் GSTR-2B அறிக்கையுடன் ஒப்பிட வேண்டும். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. விற்பவர் தம் GSTR-1 படிவத்தில் விலக்குச் சரக்கைப் பொதுவாக எட்டாம் அட்டவணையில் மொத்தத் தொகையாகக் காட்டிவிடுவார். அது வாங்குபவரின் GSTR-2B பக்கம் வராது. ஆகவே அங்கே பில்லின் மொத்த மதிப்பு 1,64,360 என்றும், வரிக்குரிய மதிப்பு 1,12,000 என்றும், வரி 12,360 என்றும் தெரியும். வரிக்குரிய மதிப்பையும் வரியையும் கூட்டினால் 1,24,360 தான் வருகிறது. விடுபட்ட 40,000 ரூபாய் விதையின் விலை. பில்லில் பிழை இல்லை. ஒப்பிட வேண்டியது வரித் தொகையையும் வரிக்குரிய மதிப்பையுமே தவிர, பில் மொத்தத்தை அல்ல.

விதைக்கே விற்பவர் 5 சதவீத வரி போட்டுவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியும் எழும். பொட்டலமிட்ட தானியம் என்று கருதிச் சிலர் அப்படிப் போட்டுவிடுவது உண்டு. அந்த வரி GSTR-2B பக்கத்தில் தெரிந்தாலும், விதையை வரியின்றியே விற்கப் போவதால் அதை வரவாக வைத்துக்கொள்ள முடியாது. விற்றவரிடம் கிரெடிட் நோட் கேட்டு வாங்குவதே வழி. கேட்காமல் விட்டால் அந்த வரி சரக்கின் அடக்கவிலையில் ஏறிவிடும்.

இரண்டாம் படி: மாதத்தின் எல்லா வரியையும் கூடை கூடையாகப் போடுதல்

விதி 42 ஒரு பில்லைத் தனியாகப் பார்ப்பதில்லை; அந்த மாதத்தின் மொத்த உள்ளீட்டு வரியைப் பார்க்கிறது. மூலதனப் பொருள்களின் வரியை மட்டும் இதில் சேர்க்கக் கூடாது. அதற்கு விதி 43 தனியாக இருக்கிறது. மொத்தத்தை விதி T என்று குறிக்கிறது. அதிலிருந்து T1 என்பது தொழிலுக்குத் தொடர்பில்லாத சொந்தச் செலவின் வரி. T2 என்பது விலக்கு விற்பனைக்கு மட்டுமே பயன்படுபவற்றின் வரி. T3 என்பது 17(5) பிரிவு அடியோடு தடுத்திருக்கும் செலவுகளின் வரி. T4 என்பது வரி உள்ள விற்பனைக்கு மட்டுமே பயன்படுபவற்றின் வரி. எந்தக் கூடையிலும் சேராமல் மிஞ்சுவது C2, அதாவது பொது வரவு.

இந்தக் கூடைகளில் முழுக் கவனத்தையும் கேட்பது T2 தான். வரி உள்ள பொருள் என்பதாலேயே அது T4 ஆகிவிடாது என்பதை இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். நம் உரக்கடைக்காரர் விதை மூட்டைகளை மட்டும் அடுக்குவதற்கென்று தனிக் கிடங்கு ஒன்றை மாதம் 10,000 ரூபாய் வாடகைக்கு எடுத்திருக்கிறார். அதற்கு 18 சதவீத வரி 1,800 ரூபாய். அங்கே உரமும் இல்லை, மருந்தும் இல்லை. ஆகவே அந்த 1,800 முழுவதும் T2. அதே கிடங்கின் ஒரு மூலையில் உர மூட்டைகளும் நிரந்தரமாக இருந்தால் அது பொது வரவாகிவிடும், விகிதப்படி மட்டும் கழிந்தால் போதும். கிடங்கில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதே இதைத் தீர்மானிக்கிறது. இருப்புப் பதிவேடு அதற்குச் சான்றாக நிற்க வேண்டும்.

கிடங்கு உரிமையாளர் ஜிஎஸ்டியில் பதியாதவராக இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் வணிகக் கட்டட வாடகைக்கான வரியைப் பதிவு பெற்ற வாடகைதாரரே தலைகீழ்ப் பொறுப்பு முறையில் ரொக்கமாகக் கட்ட வேண்டும். அந்த வரி GSTR-2B பக்கத்தில் வராது; GSTR-3B படிவத்தில் 3.1(d) கட்டத்தில் காட்டிக் கட்டி, 4(A)(3) கட்டத்தில் வரவாக எடுக்க வேண்டும். ஆனால் எடுத்த பிறகும் அது T2 தான். கட்டியது நம் கைக்காசு என்பதால் தன்மை மாறிவிடாது.

வண்டிக்கூலியின் வரியான 360 ரூபாய் எந்தக் கூடை? சட்டத்தின் 15(2) பிரிவுப்படி, விற்பவரே வசூலிக்கும் வண்டிக்கூலி சரக்கின் மதிப்பில் சேர வேண்டியது. கறாராகப் பார்த்தால் விற்பவர் அதை மூன்று சரக்குக்கும் பங்கிட்டு, விதையின் பங்குக்கு வரி போடாமல் விட்டிருக்க வேண்டும். நடைமுறையில் யாரும் அப்படிச் செய்வதில்லை. அடியில் ஒரு வரியாக 18 சதவீதம் போட்டுவிடுகிறார்கள். ஒரே வண்டியில் மூன்றும் வந்ததால் அந்தக் கூலி எந்த ஒன்றுக்கும் மட்டுமே உரியது என்று சொல்ல முடியாது. எனவே அது பொது வரவில் சேர்கிறது.

மற்றவை எளிது. அந்த மாதம் தீபாவளிக்குப் பணியாளர்களுக்கு வாங்கிக் கொடுத்த சாப்பாட்டில் 200 ரூபாய் வரி இருந்தது. சாப்பாட்டுச் செலவு 17(5) தடுப்பில் வருவதால் அது T3. சொந்தச் செலவு எதுவும் கடைப் பெயரில் வாங்கவில்லை, T1 பூஜ்யம். நம் பில்லின் உரம், மருந்து வரி 12,000 ரூபாயோடு, அந்த மாதத்தின் மற்ற உர, மருந்துக் கொள்முதல் வரி 36,000 ரூபாயும் சேர்ந்து T4 48,000 ரூபாய். கடை வாடகையின் வரி 3,600, ஆடிட்டர் கட்டணத்தின் வரி 900, இணையமும் பில்லிங் மென்பொருளும் சேர்ந்து 540, வண்டிக்கூலியின் வரி 360. இவை நான்கும் சேர்ந்த 5,400 ரூபாய் பொது வரவு.

மூன்றாம் படி: விகிதம் போடுதல்

பொது வரவில் விலக்கு விற்பனையின் பங்கான D1 தொகையைக் கண்டுபிடிக்க, அந்த மாதத்தின் விலக்கு விற்பனையான E தொகையை, மாநிலத்திற்குள் அந்தப் பதிவின் மொத்த விற்பனையான F தொகையால் வகுக்க வேண்டும். கொள்முதல் தொகை இதில் எங்கும் வருவதில்லை. அந்த மாதம் விதை 3,00,000 ரூபாய்க்கும், உரமும் மருந்தும் வரி நீங்கலாக 9,00,000 ரூபாய்க்கும் விற்றிருக்கின்றன.

```
T  = 55,400
C1 = T - (T1 + T2 + T3) = 55,400 - (0 + 1,800 + 200) = 53,400
C2 = C1 - T4 = 53,400 - 48,000 = 5,400
E / F = 3,00,000 / 12,00,000 = 25%
D1 = 25% x 5,400 = 1,350
```

திருப்ப வேண்டியது T2, T3, D1 மூன்றும் சேர்ந்து 1,800 + 200 + 1,350 = 3,350 ரூபாய். கையில் நிற்கும் வரவு 52,050 ரூபாய். மத்திய, மாநில ஜிஎஸ்டியாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் ரிவர்சல் 1,675 ரூபாய், நிகர வரவு 26,025 ரூபாய்.

பயந்து கழிப்பவர் மொத்த வரியான 55,400 ரூபாயில் 25 சதவீதம் என்று 13,850 ரூபாயைத் திருப்பியிருப்பார். உரத்துக்கும் மருந்துக்கும் கொடுத்த, ஒரு ரூபாய் கூடக் குறையாமல் எடுக்கத்தக்க வரியிலும் கைவைத்ததால் அவருக்கு ஒரே மாதத்தில் 10,500 ரூபாய் நட்டம்.

கடையின் இணையம் மாடி வீட்டுக்கும் போகிறது என்பதுபோல் பொதுச் செலவில் சொந்தப் பயனும் கலந்திருந்தால், C2 தொகையில் 5 சதவீதத்தை D2 என்று கூடுதலாகத் திருப்ப வேண்டும். ஒரு மாதம் விற்பனையே இல்லை என்றால், விவரம் கிடைக்கும் கடைசிக் காலத்தின் விகிதத்தை எடுத்துக்கொள்ளலாம்.

விலக்கு விற்பனை என்ற தலைப்பில் எவையெல்லாம் சேரும் என்பதில் இரண்டு இடங்களில் நிதானிக்க வேண்டும். வங்கி வைப்புக்கு வந்த வட்டி, வங்கியோ நிதி நிறுவனமோ அல்லாத நம் போன்றோருக்கு இந்தக் கணக்கில் சேராது. அதைச் சேர்த்து விகிதத்தை உயர்த்திக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் நில விற்பனை சேரும். கடையின் பெயரில் இருந்த ஒரு மனையை அந்த மாதம் 36,00,000 ரூபாய்க்கு விற்றிருந்தால், விலக்கு விற்பனை 39,00,000, மொத்த விற்பனை 48,00,000 என்றாகி, விகிதம் 25 சதவீதத்திலிருந்து 81.25 சதவீதத்துக்குத் தாவிவிடும், D1 4,387.50 ரூபாய். வியாபாரத்துக்கும் அந்த மனைக்கும் தொடர்பே இல்லையே என்ற வாதம் இங்கே எடுபடாது, ஏனெனில் 17(3) பிரிவு நில விற்பனையைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஏற்றுமதி இதற்கு நேர்மாறு: வரி விகிதம் பூஜ்யமாக இருந்தாலும் அது விலக்கு விற்பனை ஆகாது.

நான்காம் படி: GSTR-3B படிவத்தில் நிரப்புதல்

வரவை முதலிலேயே கழித்துக்கொண்டு நிகரத் தொகையை மட்டும் காட்டும் பழைய வழக்கம் இப்போது செல்லாது. 2022 ஜூலையில் வந்த 170 ஆம் சுற்றறிக்கைக்குப் பிறகு, GSTR-2B காட்டும் முழு வரவையும் 4(A) பகுதியில் காட்டிவிட்டு, விதி 42, விதி 43, 17(5) பிரிவு ஆகியவற்றின்படி திருப்ப வேண்டியதை 4(B)(1) கட்டத்தில் காட்ட வேண்டும். நம் கணக்கில் 4(A) மொத்தம் 55,400, 4(B)(1) தொகை 3,350, 4(C) நிகரம் 52,050. இந்த 3,350 ரூபாயை 4(B)(2) கட்டத்தில் போட்டுவிடக் கூடாது. அது பின்னால் மீண்டும் எடுக்கத்தக்க தற்காலிக ரிவர்சலுக்கு உரிய இடம்.

விற்பனைப் பக்கத்தில் 3,00,000 ரூபாய் விதை விற்பனை 3.1(c) கட்டத்திலும், விதைக் கொள்முதல் ஐந்தாம் அட்டவணையிலும் இருக்க வேண்டும். அதிகாரி முதலில் பார்ப்பது இந்தப் பொருத்தத்தைத்தான். 3.1(c) கட்டத்தில் மாதாமாதம் லட்சக்கணக்கில் தொகை இருந்து, 4(B)(1) கட்டம் வருடம் முழுவதும் வெறுமையாக இருந்தால், ஆய்வுக்கான ASMT-10 நோட்டீஸுக்கு வேறு காரணம் தேவையில்லை. ஆகவே கூடை பிரித்த தாளை ஒவ்வொரு மாதத்துக்கும் தனியாகக் கோப்பில் வைத்திருப்பது நல்லது. மூன்று வருடம் கழித்துக் கேட்டாலும் வண்டிக்கூலியை ஏன் C2 என்று வைத்தீர்கள் என்பதற்கு அதில் பதில் இருக்கும்.

அதே மாதம் பில்லிங் கணினி ஒன்றை 60,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தால், அதன் வரி 10,800 ரூபாயை முழுவதுமாக வரவு எடுத்துக்கொண்டு, விதி 43 சொல்வதுபோல் 60 மாதங்களுக்குப் பங்கிட வேண்டும். மாதத்துக்கு 180 ரூபாய். அதில் அந்த மாத விகிதமான 25 சதவீதம் 45 ரூபாய். இந்த 45 ரூபாயும் 4(B)(1) தொகையில் சேரும். தொகை சிறியதுதான், ஆனால் ஐந்து வருடம் மறக்காமல் செய்ய வேண்டிய வேலை என்பதால் பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

ஐந்தாம் படி: வருடக் கணக்கு

மாதாமாதம் போட்ட விகிதம் தற்காலிகமானது. நிதியாண்டு முடிந்ததும், ஆண்டு முழுவதற்குமான பொது வரவுக்கு ஆண்டு முழுவதற்குமான விகிதத்தைப் போட்டு, அடுத்து வரும் செப்டம்பர் மாதத்துக்கான படிவத்தின் கெடுவுக்குள் சரிசெய்ய வேண்டும். பன்னிரண்டு மாதமும் ஒழுங்காகத்தானே செய்தோம், மறுபடி ஏன் என்று கேட்கலாம். உரக்கடையில் இதற்கான காரணம் பளிச்சென்று தெரியும். வாடகையும் ஆடிட்டர் கட்டணமும் மாதாமாதம் ஏறத்தாழ ஒரே அளவு. விற்பனையோ குறுவைக்கும் சம்பாவுக்கும் விதை எடுக்கும் மாதங்களில் குவிந்து, கோடையில் வற்றிவிடுகிறது. மாதக் கணக்கில் வற்றிய மாதத்தின் விகிதத்துக்கும் குவிந்த மாதத்தின் விகிதத்துக்கும் ஒரே எடை கிடைக்கிறது. வருடக் கணக்கில் குவிந்த மாதத்துக்கு அதன் முழு எடையும் கிடைக்கிறது. விற்பனையில் விதையின் பங்கு அதிகமான மாதங்களே மொத்த விற்பனை அதிகமான மாதங்களாகவும் இருந்தால், வருட விகிதம் மாதச் சராசரியைவிட உயர்ந்தே வரும்.

நம் கடையில் பொது வரவு மாதம் 5,400 வீதம் வருடத்துக்கு 64,800 ரூபாய் என்று கொள்வோம். மாதாமாதம் திருப்பிய D1 தொகைகளைக் கூட்டினால் 9,720 ரூபாய். அதாவது சராசரி 15 சதவீதம். வருட விற்பனையை வைத்துப் போட்ட விகிதமோ 18 சதவீதம். திருப்பியிருக்க வேண்டியது 11,664 ரூபாய். குறைந்த 1,944 ரூபாயை வட்டியோடு திருப்ப வேண்டும். வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். ஏப்ரல் 1 முதல் கட்டும் நாள் வரை. ஜூன் 30 அன்று கட்டினால் 91 நாளுக்கு ஏறத்தாழ 87 ரூபாய் ஆகும். இதை GSTR-3B படிவத்திலேயே செய்யலாம், அல்லது DRC-03 படிவத்தின் மூலமும் கட்டலாம்.

மாறாக, மாதாமாதம் திருப்பியது வருடக் கணக்கைவிட அதிகமாக இருந்தால், மிகுதியை வரவாக எடுத்துக்கொள்ளலாம். நில விற்பனை போன்ற ஒற்றை நிகழ்வு நடந்த வருடத்தில் இரண்டில் எதுவும் நேரலாம் என்பதால் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இந்த வரவையும் செப்டம்பர் மாதப் படிவத்துக்குள் எடுத்துவிட வேண்டும். குறைவாகத் திருப்பியிருந்தால் துறை என்றாவது நினைவூட்டும். அதிகமாகத் திருப்பியிருந்தால் நினைவூட்ட யாரும் இல்லை. GSTR-9 ஆண்டுப் படிவத்தில் ஏழாம் அட்டவணை விதி 42, விதி 43, 17(5) பிரிவு ஆகியவற்றின் ரிவர்சலைத் தனித்தனி வரிகளில் கேட்பதால், மாதத் தாளில் 1,800, 1,350, 45, 200 என்று பிரித்தே எழுதி வந்தவருக்கு அந்த அட்டவணையை நிரப்பக் கூட்டல் மட்டுமே மிச்சமிருக்கும்.